மதியத்துக்குள் மோர் புளித்துப் போவது பற்றி

"ராத்திரி உறை ஊற்றி, காலையில் மோர் கரைக்கிறேன். மதியத்துக்குள் புளித்துவிடுகிறது. தண்ணீர் சேர்த்தால் சப்பென்று ஆகிறது. என்ன செய்யலாம்?"

வணக்கம். கோடையில் அரை லிட்டர் பாலுக்கு ஒரு தேக்கரண்டி புளிக்காத தயிரே போதும். விரல் பொறுக்கும் இளஞ்சூட்டில் உறை ஊற்றினால் ஐந்தாறு மணி நேரத்தில் தோய்ந்துவிடும். இரவு 9 மணிக்கு ஊற்றியதைக் காலை 7 மணிக்கு எடுத்தால், தோய்ந்த பிறகும் அது நான்கைந்து மணி நேரம் வெளியிலேயே புளித்திருக்கிறது. எனவே மாலையிலேயே உறை ஊற்றி, படுக்கப் போகும் முன் பாத்திரத்தைச் சாய்த்துப் பாருங்கள். தயிர் ஓடாமல் ஒரே கட்டியாக அசைந்தால் உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மேலே இளமஞ்சள் தண்ணீர் நிறையப் பிரிந்து, முகர்ந்தால் புளிப்பு வாடை தூக்கலாக இருந்தால் நேரம் கடந்துவிட்டது.

கரைக்கும்போது ஒரு டம்ளர் தயிரை முதலில் தண்ணீரில்லாமல் மத்தால் கடைந்து, கட்டிகள் உடைந்த பிறகே மூன்று டம்ளர் குளிர்ந்த நீரைச் சேர்க்க வேண்டும். சப்பென்று இருப்பதற்குத் தண்ணீரைவிட உப்பும் காரமும் சேராததே பெரும்பாலும் காரணம். சிறு துண்டு இஞ்சி, பாதிப் பச்சைமிளகாய், ஐந்தாறு கறிவேப்பிலை ஆகியவற்றை அரைத் தேக்கரண்டி உப்போடு நசுக்கி, ஒரு சிட்டிகை பெருங்காயத்துடன் கலந்து, பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள்.

ஏற்கெனவே புளித்த மோரை உப்பிடும் முன் நிறையத் தண்ணீர் விட்டு ஃப்ரிட்ஜில் அசையாமல் வையுங்கள். தெளிந்த மேல்நீரோடு புளிப்பில் பெரும்பகுதி போய்விடும். அதை இறுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக் கரைக்கலாம்.