அந்த மெயில் யார் கையில் வேலையாகிறது?

வணக்கம் அண்ணா,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேனுங்க. பையர் ஒரு மெயில் அனுப்பினால், சிசியில் இருக்கிற எல்லோரும் ரிப்ளை ஆல் அடித்து 'நோட்டட்', 'தேங்க்ஸ்' என்று போடுகிறார்கள். காலையில் வந்து உட்கார்ந்தால் எது வேலை, எது வெறும் நன்றி என்று பிரிக்கவே நேரம் போகிறது. நான் தேவையில்லாதவர்களை விட்டுவிட்டுப் பதில் போட்டால், "என்னை ஏம்மா தூக்கினே?" என்று கோபம். முதலாளியோ தான் சிசியில் இல்லாத மெயிலே இருக்கக் கூடாது என்கிறார். யாருக்குப் பதில் போக வேண்டும், யாரை விடலாம் என்று எப்படி முடிவு செய்வதுங்க? பேர் போட வேண்டாம்.

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மேசைக்கு வரக்கூடிய ஒரு மெயிலையே எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். ஜெர்மனி பையர் செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்கு எழுதுகிறார். நேவி லேப் டிப்பில், அதாவது சாயம் போட்டுக் காட்டும் மாதிரித் துணியில், பி ஆப்ஷன் ஓகே. ஆலிவ் ரிஜெக்ட், மஞ்சள் தூக்கலாக இருக்கிறது, மறுபடி அனுப்பவும். பிராண்ட் லேபிள் கழுத்தில் வேண்டாம், இடது பக்கத் தையலில், கீழ் மடிப்பிலிருந்து 7 செ.மீ. மேலே வரட்டும். பிபி சாம்பிள், அதாவது பல்க் உற்பத்திக்கு முன்னால் தைத்துக் காட்டும் மாதிரி, என்றைக்கு வரும் என்று சொல்லவும். டூவில் நீங்களும் உங்கள் மேனேஜரும். சிசியில் பையரின் ஆட்கள் இரண்டு பேர், பையிங் ஹவுஸ் க்யூசி, அப்புறம் உங்கள் கம்பெனியில் துணி மேனேஜர், சாயப்பட்டறை, சாம்பிள் செக்‌ஷன், புரொடக்‌ஷன், ஆக்சஸரீஸ் ஸ்டோர், டாக்குமென்டேஷன், கணக்கு, முதலாளி. பையரையும் சேர்த்து 14 பேர்.

இதற்கு ஆறு பேர் ஒரு வரியில் 'நோட்டட்' என்று ரிப்ளை ஆல் போட்டால், ஒவ்வொன்றும் மற்ற 13 பேருக்கும் போகிறது. மொத்தம் 78 மெயில். அதில் ஒன்றைத் திறந்தும் யாருக்கும் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை. நேரம் வீணாவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய கெடுதல், இப்படி நாலு மெயிலைத் திறந்து ஏமாந்தவர் ஐந்தாவதைத் திறக்க மாட்டார் என்பது. அந்த ஐந்தாவதில்தான் அவருக்கான வேலை இருக்கும்.

மேலே சொன்ன லேபிள் விஷயத்திலேயே அது நடக்கும். பையர் லேபிளின் இடத்தைத்தானே மாற்றினார், லேபிளை மாற்றவில்லையே, இது சாம்பிள் செக்‌ஷனும் புரொடக்‌ஷனும் பார்த்துக்கொள்ள வேண்டியது என்றுதான் மேலோட்டமாகப் படிக்கும்போது தோன்றும். ஆனால் கழுத்தில் பட்டையாக வைத்துத் தைக்கும் லேபிள் எண்ட் ஃபோல்டு, அதாவது இரண்டு ஓரமும் உள்ளே மடிந்தது. பக்கத் தையலுக்குள் செருகித் தைக்க வேண்டுமானால் சென்டர் ஃபோல்டு வேண்டும், நடுவில் மடிந்தது. லேபிள் போடுகிறவரிடம் ஏற்கெனவே எண்ட் ஃபோல்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் அதை அன்றைக்கே நிறுத்த வேண்டும். ஆக, அந்த மெயிலில் யாருக்கு அவசர வேலை என்றால் ஆக்சஸரீஸ் ஸ்டோர்க்காரருக்குத்தான். அவரோ எட்டாவது ஆளாக சிசியில் உட்கார்ந்து, 'நோட்டட்' வரிசையைப் பார்த்துவிட்டு, நமக்கு ஒன்றும் இல்லை என்று நகர்ந்துவிடுவார். பத்து நாள் கழித்துத் தப்பான லேபிள் மூட்டையாக வந்து இறங்கும். கேட்டால், "அவரையும் சிசியில் போட்டிருந்தோமே" என்பார்கள்.

அதனால் பதவியைப் பார்த்தோ மரியாதையைப் பார்த்தோ பெயரைச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கேள்வி போதும். என் பதிலைப் படித்த பிறகு இவர் செய்கிற வேலை ஏதாவது மாறுமா? நான் எழுதியதில் தப்பு இருந்தால் அதைப் பிடித்துச் சொல்லக்கூடியவர் இவரா? இரண்டுக்கும் இல்லை என்றால் அவருக்கு அந்த மெயில் வேண்டாம். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பையிங் ஹவுஸ் க்யூசிக்கு உங்கள் பதிலால் இன்றைக்கு வேலை எதுவும் மாறாமல் இருக்கலாம். ஆனால் லேபிள் அளவை நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லக்கூடியவர் அவர். அவர் இருக்க வேண்டும்.

இந்த இரண்டு கேள்வியோடு அந்த மெயிலுக்குப் பதில் போட்டால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். முதலில், உடனே எதுவும் அனுப்ப வேண்டியதில்லை. நமக்கும் ஜெர்மனிக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. புதன் மதியம் 12 மணிக்குள் உங்கள் பதில் போய்விட்டால் அவர் காலையில் ஆபீஸ் வரும்போது அது அங்கே இருக்கும். அதற்குள் உள்ளே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடலாம். பிபி சாம்பிளை ஓகே ஆன கலர் துணியிலும் சரியான லேபிளிலும் தைக்க வேண்டும். எனவே துணி மேனேஜரையும் ஸ்டோரையும் கேட்காமல் நீங்கள் தேதி சொல்லவே முடியாது. இதை மெயிலில் கேட்டால் இன்னொரு வரிசை ஆரம்பிக்கும், போனில் கேளுங்கள்.

அப்புறம் பையருக்கு ஒரே பதில். பையரின் ஆட்கள், பையிங் ஹவுஸ், உங்கள் மேனேஜர் இருக்கட்டும். உங்கள் கம்பெனியின் மற்ற எட்டுப் பேரையும் எடுத்துவிடுங்கள். அவர் கேட்ட நான்குக்கும் அதே வரிசையில் பதில் எழுதுங்கள். ஆலிவில் மஞ்சள் தூக்கல் என்று பார்த்தது எந்த வெளிச்சத்தில், டி65ஆ டிஎல்84ஆ என்று சாயப்பட்டறை லேப் கேட்கும். அதையும் இதிலேயே கேட்டுவிடுங்கள். பையர் தரப்பில் அவர் சேர்த்திருக்கும் பெயர்களில் கை வைக்க வேண்டாம். அவர்களுக்குள் யாருக்கு என்ன வேலை என்பது நமக்குத் தெரியாது.

உள்ளே போக வேண்டியது தனித்தனி மெயில், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி. துணி மேனேஜருக்கும் சாயப்பட்டறைக்கும் ஒன்று: நேவி பி ஓகே, பல்க் போடலாம். ஆலிவ் மறுபடி லேப் டிப், பையர் எழுதிய வரி இது, எனக்கு இந்தத் தேதிக்கு வேண்டும். சாம்பிள், புரொடக்‌ஷன், ஸ்டோர் மூன்று பேருக்கும் இன்னொன்று: லேபிள் இடம் மாறுகிறது, மடிப்பும் மாறுகிறது, பழைய லேபிள் ஆர்டரை நிறுத்திவிட்டுச் சொல்லவும். டாக்குமென்டேஷனுக்கும் கணக்குக்கும் எதுவும் இல்லை. ஷிப்மென்ட் தேதி மாறினால்தான் அவர்களுக்கு வேலை. 14 பேரைச் சுற்றிய ஒரு மெயில் இப்போது மூன்று மெயிலாகிவிட்டது. எண்ணிக்கை கூடியது போலத் தெரியும். ஆனால் கையில் வாங்கிய ஒவ்வொருவரும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துதான் எழுந்திருப்பார்.

உள் ஆட்களைப் பையரோடு ஒரே மெயிலில் வைத்திருப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. புரொடக்‌ஷன் மேனேஜர் உங்களைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "துணியே இன்னும் வரலை, 25ஆம் தேதி எப்படிக் கொடுப்பீங்க?" என்று ரிப்ளை ஆல் அடிப்பார். பையர் அதைப் படிப்பார். சாயக் கூலி பற்றிய பேச்சும் இப்படித்தான் வெளியே போகிறது. உள்ளுக்குள் பேசிய மெயிலையே கடைசியில் பையருக்குத் தள்ளிவிடும்போது, அடியில் பழைய பேச்சு முழுக்க ஒட்டிக்கொண்டு போகும். ஜிமெயிலில் அது மூன்று புள்ளிக்குள் சுருண்டு கிடப்பதால் கண்ணிலும் படாது. பையருக்குப் போவது எப்போதும் பையர் அனுப்பியதற்கான பதிலாகவே இருக்கட்டும். உள் பேச்சு புது மெயிலில் தொடங்கட்டும்.

"என்னை ஏன் தூக்கினே" என்ற கோபத்துக்கு வருகிறேன். சொல்லாமல் எடுப்பதால்தான் அந்தக் கோபம். தனி மெயிலின் முதல் வரியில், "பையர் மெயிலில் உங்களை நிறுத்திவிட்டேன், உங்கள் வேலை மட்டும் கீழே" என்று எழுதிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். டாக்குமென்டேஷன், கணக்கு போல மெயிலே போகாதவர்களிடம், தேதி மாறினால் நானே சொல்கிறேன் என்று ஒருமுறை நேரில் சொல்லிவிடுங்கள். பிசிசியில் தள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். பிசிசியில் இருக்கும் ஆள் மறந்துபோய் ரிப்ளை ஆல் அடித்தால், அவர் மறைவாகப் படித்துக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பையருக்கு முன்னால் அது அசிங்கம். முதலாளிக்குக் காட்ட வேண்டுமானால், அனுப்பிய பிறகு அவருக்கு மட்டும் ஃபார்வர்ட் செய்யுங்கள்.

முதலாளி எல்லா மெயிலிலும் இருக்க வேண்டும் என்பது பிடிவாதம் இல்லை, பயம். நடுராத்திரி பையர் போன் பண்ணி, "லேட் ஆகிறதாமே" என்று கேட்டால் தனக்கு மட்டும் தெரியாமல் இருக்கக் கூடாது என்ற பயம். அதில் நியாயம் இருக்கிறது. அதனால் "சிசியில் போட மாட்டேன்" என்று போய் நிற்காதீர்கள். தேதி தள்ளினாலோ, பணம் மாறினாலோ, அதாவது டிஸ்கவுன்ட், டெபிட் நோட், கப்பலுக்குப் பதில் விமானம் என்று ஏதாவது வந்தாலோ, உடனே தனி மெயிலில் அவருக்கு வரும் என்று வாக்குக் கொடுங்கள். மற்றதெல்லாம் தினமும் சாயங்காலம் ஸ்டைல் வாரியாக ஒரு மெயில். ஒரே ஒரு ஆர்டருக்கு மட்டும் இப்படி நடத்திக் காட்டுகிறேன் என்று கேளுங்கள். முழு ஆபீசுக்கும் ஒரே நாளில் கேட்டால் மறுப்பார். முதல்முறை தேதி தள்ளும்போது அவர் கேட்பதற்கு முன்னால் நீங்கள் சொன்னீர்கள் என்றால், அவரே சிசியிலிருந்து விலகிக்கொள்வார்.

எல்லா 'நோட்டட்'டும் வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஒரு வார்த்தைக்காக அனுப்பியவர் காத்திருந்தால் அதைக் கட்டாயம் போட வேண்டும். தூத்துக்குடியில் கப்பலுக்குச் சரக்கு சேர வேண்டிய கடைசி நேரம் மாறிவிட்டது என்று சரக்கு அனுப்பிவைக்கும் ஃபார்வர்டர் எழுதுகிறார் என்று வையுங்கள். நீங்கள் உறுதி செய்தால்தான் அவர் அடுத்த வேலையைத் தொடங்குவார். அப்போது அவருக்கு மட்டும் ரிப்ளை. அதிலும் வெறுமனே 'நோட்டட்' என்று போட்டால், பார்த்தீர்களா, ஒப்புக்கொண்டீர்களா என்பது அவருக்குத் தெரியாது. "வியாழன் காலை 10 மணிக்குள் கன்டெய்னர் உள்ளே வந்துவிடும்" என்று எழுதுங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் அந்த வரிதான் கூட நிற்கும். பதில் சொல்ல நேரமாகும் என்றாலும் அப்படியே: "கிடைத்தது, நாளை மாலைக்குள் சொல்கிறேன்" என்று கேட்டவருக்கு மட்டும்.

ஜிமெயிலில் வேலை செய்கிறீர்கள் என்றால் கம்ப்யூட்டரில் Settings போய் General பகுதியில் இரண்டு இடங்களைப் பாருங்கள். Default reply behavior என்பதில் Reply இருக்கட்டும். Reply all அங்கே தேர்வாகியிருந்தால், யோசிக்காமல் அடிக்கும் ஒவ்வொரு பதிலும் மற்ற 13 பேருக்கும் போகும். Undo Send என்பதை 30 நொடிக்கு மாற்றுங்கள். பட்டனை அழுத்திய அடுத்த நொடியில்தான் பல பேருக்குப் பையர் பெயர் கண்ணில் படுகிறது.

தினமும் முதல் 'நோட்டட்' போடுகிற மூத்தவர் ஒருவர் உங்கள் ஆபீசிலும் இருப்பார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போடுவார்கள். எல்லோருக்கும் பொதுவாக "ரிப்ளை ஆல் போடாதீர்கள்" என்று மெயில் அனுப்பாதீர்கள், அதற்கும் ஆறு பேர் 'நோட்டட்' போடுவார்கள். டீ நேரத்தில் அவரிடம் தனியாகப் போய், "அண்ணா, உங்க பதில் எனக்கு மட்டும் வந்தாப் போதுங்க, மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் பாதி வரிசை நின்றுவிடும்.

அன்புடன்.