மதியச் சோற்றைப் பதினொரு மணிக்கு முன்பே கொடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது, எடை 54 கிலோ. எழுவர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில் விளையாடுகிறான். கொழும்பில் கடைசியாக நடந்த போட்டியில் ஒரே நாளில் நான்கு ஆட்டங்கள்: காலை 8.30, 10.15, பிற்பகல் 1.15, 3.30. தண்ணீரும் செவ்விளநீரும் கேட்டபோதெல்லாம் கொடுத்தோம். 12.40 அளவில் எல்லாப் பிள்ளைகளும் சோற்றுப் பார்சல் சாப்பிட்டார்கள். மூன்றாவது ஆட்டத்தில் மகன் வாந்தி எடுத்தான், நான்காவதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அடுத்த மாதம் மறுபடியும் போட்டி. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது? - ஒரு தந்தை, வெள்ளவத்தை

பதில்: முதலில் அந்தப் பார்சலைப் பார்ப்போம். கொழும்பில் ஒரு சோற்றுப் பார்சல் என்பது வேலைக்குப் போகும் வளர்ந்த ஒருவரின் பசிக்குக் கட்டப்படுவது. சோறு, பொரித்த கோழி, பருப்பு, சம்பல், அப்பளம் எல்லாம் அதில் இருக்கும். எண்ணெயும் தேங்காயும் மிகுந்த அந்தச் சாப்பாடு வயிற்றை விட்டு இறங்க மூன்று, நான்கு மணி நேரம் எடுக்கும். உங்கள் மகனுக்குக் கிடைத்தது 35 நிமிடங்கள். ஓடத் தொடங்கியதும் இரத்தம் கால்களுக்கும், உடல் வெப்பத்தை வெளியேற்றுவதற்காகத் தோலுக்கும் போய்விடும். குடலுக்குப் போவது வெகுவாகக் குறையும். நிறைந்த வயிறு, குலுங்கும் ஓட்டம், உச்சி வெயில். வாந்தி வந்ததில் வியப்பில்லை.

அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். இரண்டாவது ஆட்டம் 10.40 அளவில் முடிந்திருக்கும். அடுத்தது 1.15. நாள் முழுவதிலும் இருந்த ஒரே நீண்ட இடைவெளி அதுதான். அதன் தொடக்கத்தில் சாப்பிட வேண்டியதை முடிவில் சாப்பிட்டார்கள். மணிக்கூட்டில் பன்னிரண்டரை அடித்தால் மதியச் சாப்பாடு என்பது வீட்டு வழக்கம். மைதானத்தில் ஆட்டங்களுக்கிடையிலான இடைவெளிதான் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும். 10.50க்கே மகனுக்குச் சோற்றைக் கொடுங்கள். பயிற்றுநர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

அந்தச் சோறும் வேறு மாதிரி இருக்க வேண்டும். வழமையாகச் சாப்பிடுவதில் பாதியளவு வெள்ளைச் சோறு, மேலே பருப்பு, ஓர் அவித்த முட்டை அல்லது தோல் நீக்கிய கோழித்துண்டு, கொஞ்சம் உப்பு தூக்கலாக. பொரியல், தேங்காய்ச் சம்பல், உறைப்புக் கறி எதுவும் வேண்டாம். காலை ஆறு மணிக்குக் கட்டிய பார்சல் காரின் பின்பகுதியில் மதியம் வரை கிடந்தால், சுவை கெடாமலேயே சோற்றில் நஞ்சு உருவாகிவிடும். சுடுசோற்றை உடனே மூடிக் கட்டுவது நிலைமையை மோசமாக்கும். சோற்றை ஆறவிட்டு, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். அது முடியாவிட்டால் சோற்றை விட்டுவிட்டு, பாணும் வாழைப்பழமும் அவித்த முட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

காலைச் சாப்பாடு இலகு. 8.30 ஆட்டத்துக்கு 5.45 அளவில் ஆறேழு இடியப்பம், தண்ணீரான சொதி, ஒரு முட்டை. அந்த நேரத்தில் சாப்பாடு இறங்காத பிள்ளை என்றால் ஜாம் பூசிய பாண் இரண்டு துண்டும் ஒரு கோப்பைத் தேநீரும் போதும், 7.30க்கு ஒரு வாழைப்பழம் சேர்த்துக்கொள்ளலாம்.

இனித் தண்ணீர். ‘கேட்டபோதெல்லாம் கொடுத்தோம்’ என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. எவ்வளவு போனது என்று தெரியாமல் எவ்வளவு கொடுப்பது? இதற்கு ஒரு மின்னணு எடைத் தராசு போதும். போட்டிக்கு முந்தைய வாரங்களில், போட்டி நடக்கும் அதே வெயில் நேரத்தில், மகனை ஒரு மணி நேரப் பயிற்சிக்கு அனுப்புங்கள். தொடங்குமுன் சிறுநீர் கழித்துவிட்டு, உள்ளாடையோடு மட்டும் எடை பார்க்கட்டும். முடிந்ததும் நன்றாகத் துடைத்துக்கொண்டு மறுபடி அப்படியே பார்க்கட்டும். நனைந்த சட்டையோடு ஏறினால் கணக்குப் பிழைத்துவிடும், ஏனெனில் போன வியர்வையில் ஒரு பங்கு அந்தச் சட்டையில்தான் இருக்கிறது.

என்னிடம் வந்த ஒரு பையனும் ஏறக்குறைய உங்கள் மகனின் எடைதான். பயிற்சிக்கு முன் 54.0 கிலோ, பின் 53.2. இடையில் அரை லீற்றர் குடித்திருந்தான். குறைந்த 800 கிராமும் குடித்த 500 மில்லிலீற்றரும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.3 லீற்றர் வியர்வை. உடல் சூடாக்கும் பயிற்சியையும் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு 35 நிமிடம் என்று வைத்தால் முக்கால் லீற்றர். நான்கு ஆட்டங்களுக்கு மூன்று லீற்றர். அவனுடைய எடையில் இரண்டு வீதம் 1.1 கிலோ. அதற்கு மேல் இழந்தால் ஓட்டமும் கவனமும் தளரத் தொடங்கும். அதாவது இரண்டாவது ஆட்டத்தின் நடுவிலேயே அவன் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவான், இடையில் ஒழுங்காகக் குடிக்காவிட்டால்.

குடிக்கும் முறை இதுதான். இடைவேளையில் 150 மில்லிலீற்றர், அதாவது ஐந்தாறு நல்ல மிடறுகள். முதல் ஆட்டம் முடிந்ததிலிருந்து இரண்டாவதற்குத் தயாராகும் வரை கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் இருக்கிறது. அதில் 600 மில்லிலீற்றரை நான்கு பங்காக்கி, கால் மணிக்கு ஒரு பங்கு. ஒரே மூச்சில் ஒரு போத்தலைக் கவிழ்த்தால் வயிறு உப்பும், சிறுநீராக வெளியேறுவதும் கூடும். 10.45க்கு, சோற்றுக்கு முன், உலர்ந்த காற்சட்டையோடு மறுபடி எடை பார்க்கட்டும். காலை எடையிலிருந்து அரைக் கிலோவுக்குள் குறைந்திருந்தால் சரி. ஒரு கிலோ குறைந்திருந்தால், இழந்ததைச் சாப்பாட்டோடும் அதன் பின்பும் மெதுவாக ஈடுசெய்ய வேண்டும்.

எடை கூடியிருந்தால்? அதுவும் நடக்கும், அதைத்தான் பெற்றோர் கவனிப்பதில்லை. உடலுக்குப் போனது தண்ணீர் மட்டுமாகவும் வெளியே வந்தது உப்போடு கூடிய வியர்வையாகவும் இருந்தால், இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். தலைவலி, குமட்டல், வாந்தி, குழப்பம் வரும். நீரிழப்பிலும் இவை வரலாம் என்பதால் பலர் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள்; அது ஆபத்து. வேறுபடுத்திக் காட்டுவது தராசுதான். எடை கூடி, இந்த அறிகுறிகளும் இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

செவ்விளநீரை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் விரும்பிக் குடிப்பவள்தான். ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டில் இப்படிக் கலக்குங்கள்: ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீர், மட்டமாக நான்கு மேசைக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேசிக்காயின் சாறு. உப்பு இலேசாகத் தெரிய வேண்டும், முகம் சுளிக்க வைக்கக் கூடாது. குடிப்பதில் பாதி இதுவாகவும் மீதி வெறும் தண்ணீராகவும் இருக்கட்டும். ஜீவனி வயிற்றோட்டத்துக்காகச் செய்யப்பட்டது, அதில் உப்பு இதைவிடக் கணிசமாக அதிகம். வாந்தி எடுத்த பிள்ளைக்கும், சட்டையில் வெள்ளை உப்புக்கோடு படியுமளவுக்கு வியர்க்கும் பிள்ளைக்கும் அது நல்லது. ஒரு பக்கற்றை ஒரு முழு லீற்றரில்தான் கரைக்க வேண்டும். அரைப் போத்தலில் கரைத்துக் கொடுப்பதைப் பல மைதானங்களில் பார்த்திருக்கிறேன்.

கெண்டைக்கால் பிடித்ததற்கு உப்பிழப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். களைத்த தசையும் அப்படிப் பிடிக்கும், அதுவும் நாளின் நான்காவது ஆட்டத்தில். பிடித்த நேரத்தில் பாதத்தை மேல்நோக்கி மடக்கித் தசையை இழுத்துப் பிடிப்பதுதான் உடனடி மருந்து. மூன்றாவது ஆட்டத்துக்கும் நான்காவதுக்கும் இடையில் சோறு வேண்டாம். இரண்டு கதலி வாழைப்பழம், நாலைந்து உப்பு பிஸ்கட், மூன்று பேரீச்சம்பழம். இவற்றை ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் கொடுத்து, மீதி நேரத்தில் கலந்து வைத்த பானத்தைக் கொடுங்கள்.

கொழும்பு வெயிலைப் பற்றி ஒன்று. இங்கே 31, 32 பாகை என்பது பெரிய எண் அல்ல. உலர்ந்த ஊர்களில் 38லும் விளையாடுகிறார்கள். ஆனால் வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றே ஈரமாக இருப்பதால் இங்கே வியர்வை ஆவியாகாமல் சொட்டி விழுகிறது. நீரும் உப்பும் போகின்றன, குளிர்ச்சி கிடைப்பதில்லை. ஏப்ரலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும், காற்றும் அடிக்காது. அதனால் எவ்வளவு சரியாகக் குடித்தாலும் உடல் சூடேறலாம். இடைவெளிகளில் கூடாரத்தின் நிழல், ஐஸ் தண்ணீரில் பிழிந்த துவாயைக் கழுத்திலும் முகத்திலும் போடுவது, சட்டை மாற்றுவது ஆகியவை பானத்தைப் போலவே திட்டத்தில் இருக்க வேண்டும். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணி இந்த ஈரக்காற்றில் அவ்வளவாக உதவாது. ஐஸ் போட்ட வாளி ஒன்று வேண்டும். மூன்றாவது ஆட்டத்துக்குச் சற்று முன் நொறுக்கிய ஐஸ் கலந்த பானம் ஒரு கோப்பை கொடுத்தால் உள்ளிருந்தும் குளிர்விக்கும்.

பிள்ளை தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், காரணமில்லாமல் கோபப்பட்டால் ஆட்டத்தை அத்தோடு நிறுத்துங்கள். வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கம் என்பது பிழையான நம்பிக்கை. ஓடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வரும். 1990க்கு அழைத்துவிட்டு, அம்பியூலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் அந்த ஐஸ் வாளியை அப்படியே உடம்பில் ஊற்றுங்கள், தொடர்ந்து ஊற்றுங்கள். நினைவு தெளிவாக இல்லாதபோது வாயில் எதுவும் கொடுக்க வேண்டாம்.

நான்காவது ஆட்டம் முடிந்த பிறகு மகன் கேட்பதைச் சாப்பிடலாம். புதிதாகக் கொத்திய கொத்து ரொட்டியும் ஒரு செவ்விளநீரும் அந்த நேரத்துக்குப் பொருத்தம்தான். இரவு படுக்குமுன் சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். தேநீர் நிறத்தில் இருந்தால் இன்னும் ஒரு போத்தல் தேவைப்படுகிறது. மறுநாளும் அதே கடும்நிறமாக இருந்து தசைவலியும் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.