மூணு பேர் எழுதினாலும் ஒரே குரல்

"மரச்செக்கு எண்ணெய் விக்கிறோம். ரீல்ஸுக்கு மூணு பேர் ஸ்கிரிப்ட் எழுதுறாங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கடை பேசுற மாதிரி இருக்கு. எந்தச் சொல் வேணும், எது வேண்டாம்னு ஒரு கையேடு எப்படிப் போடுறது?"

சொற்பட்டியலை அப்புறம் எடுங்கள். முதலில் பழைய ஸ்கிரிப்ட் பத்தை ஒரே மூச்சில் வாய்விட்டுப் படியுங்கள். பெரும்பாலும் உதைப்பது சொல்லில் அல்ல, வினைமுடிவில். ஒருவர் "வாங்குங்கள்" என்பார், அடுத்தவர் "வாங்குங்க" என்பார், மூன்றாமவர் "வாங்கிப் பாருங்க மக்களே" என்பார். ஆகவே கையேட்டின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: பேசும்போது "நீங்க, வாங்குங்க", திரையில் வரும் எழுத்து மட்டும் "வாங்குங்கள்"; "மக்களே", "ஃப்ரெண்ட்ஸ்" இரண்டும் எங்கேயும் கிடையாது. பேச்சு வடிவத்தின் எழுத்தையும் முடிவு செய்துவிடுங்கள். "ஆட்டுறோம்" என்றால் எல்லோருக்கும் அதுதான், "ஆட்றோம்" வேண்டாம்.

பிறகு சொற்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் ஓடினால் ஒன்றை நிறுத்துங்கள்: "எள் எண்ணெய்" போகட்டும், "நல்லெண்ணெய்" இருக்கட்டும். விலக்கும் சொல் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே மாற்றையும் காரணத்தையும் எழுதுங்கள். இதை விட்டால்தான் கையேடு தோற்கும். "சுத்தமான" கூடாது என்று மட்டும் எழுதினால், எழுதுபவர் "தூய்மையான" என்று போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார்.

உங்கள் தொழிலில் இது சட்ட விஷயமும்கூட. உணவு விளம்பரம் பற்றிய 2018 விதிமுறைகள் "இயற்கையான", "சுத்தமான", "பாரம்பரிய" போன்ற சொற்களுக்கு நிபந்தனை வைத்திருக்கின்றன. நோயைக் குணமாக்கும் என்று சொல்லவே கூடாது. அதனால் "சர்க்கரைக்கு நல்லது", "மூட்டு வலி போகும்" இரண்டையும் மாற்றுச் சொல் தேடாமல் அப்படியே நீக்குங்கள்.

மற்ற புகழ்ச்சிக்கெல்லாம் மாற்று ஒன்றுதான்: செய்வதைச் சொல்வது. "பாரம்பரிய முறையில் தயாரான ஆரோக்கியமான நல்லெண்ணெய்" என்ற வரி யார் கடைக்கும் பொருந்தும். "எள்ளோட கருப்பட்டி சேர்த்து வாகை மரச்செக்குல ஆட்டுறோம்" என்பது உங்கள் கடை. (உண்மையிலேயே வாகையாக இருந்தால்!) "ஆட்டுறது", "கசடு", "தெளியவிடுறது" என்று செக்குக்காரர்கள் புழங்கும் சொற்களே வேண்டிய பட்டியல். இரண்டு பட்டியலையும் சேர்த்து ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். நாற்பது பக்கம் போனால் ஒருவரும் திறக்க மாட்டார்.

எழுதி முடித்ததும் சோதியுங்கள். "குளிர்ல தேங்காய் எண்ணெய் ஏன் உறையுது?" என்ற ஒரே கேள்வியை மூவரிடமும் கொடுத்து, அரை நிமிட ஸ்கிரிப்ட் தனித்தனியே வாங்குங்கள். பெயரை மறைத்து, மூன்றையும் ஒரே ஆள் படிக்கட்டும். ஒருவர் "24 டிகிரிக்குக் கீழ போனா உறைய ஆரம்பிக்கும்" என்று தொடங்கியிருப்பார், இன்னொருவர் "உங்களுக்குத் தெரியுமா?" என்று தொடங்கியிருப்பார். தொடக்க வரி பற்றிக் கையேட்டில் விதி இல்லை என்பது அங்கே தெரிந்துவிடும். அதைச் சேருங்கள். இப்படிக் கண்ணில் படும் வேறுபாட்டுக்கு மட்டும் புது விதி போதும். மூவரும் ஏற்கெனவே ஒரே மாதிரி எழுதுவதற்கு விதி எழுத வேண்டியதில்லை.