மூன்று நோட்டுகளும் ஒரே வாக்கியமும்

அன்புள்ள அக்கா,

அப்பாவின் தறிக்கூடத்தை அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். எழுதினால் பாரம் இறங்கும் என்றார்கள். ஆறு மாதமாகத் தினமும் ராத்திரி எழுதுகிறேன். மூன்று நோட்டு தீர்ந்துவிட்டது. கோபம் கூடத்தான் செய்கிறது, தூக்கமும் போச்சு. இன்னும் எழுதவா, நிறுத்தவா?

ம., அம்மாப்பேட்டை

அன்புள்ள தம்பி,

நிறுத்துங்கள். இன்று ராத்திரியே.

உங்களுக்கு வழி சொன்னவர்கள் அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இதை முதலில் சோதித்துப் பார்த்தவர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர். 1986-இல் வெளியான அவருடைய ஆய்வில் மாணவர்கள் எழுதியது நாளுக்கு 15 நிமிடம், அடுத்தடுத்து 4 நாள். அவ்வளவுதான். எழுதிய கையோடு அவர்களுக்கும் மனம் கனத்துத்தான் போனது. பலன் பிந்தைய மாதங்களில் தெரிந்தது. அப்புறம் இப்படி எழுதிய பக்கங்களைச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார்கள். தேறியவர்களின் எழுத்தில் நாளாக ஆக ‘ஏனென்றால்’, ‘இப்போதுதான் புரிகிறது’ போன்ற சொற்கள் கூடியிருந்தன. முதல் நாள் கதையையே கடைசி நாளும் சொன்னவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏற்காட்டில் ஒரு கூட்டாளி மிளகுக் கணக்கில் என்னை ஏமாற்றினார். முதல் நாள் பக்கம் முழுக்க ‘எப்படி மனசு வந்தது’ என்பதுதான். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது: ‘இரண்டு வருஷம் நான் கணக்கே கேட்கவில்லை, ஏனென்றால் கேட்டால் நட்பு போய்விடும் என்று பயந்தேன்.’ அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவர் செய்தது சரியாகிவிடவில்லை, என் கோபமும் போகவில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு கோபம் என்று தெரிந்தது. நான்காம் நாள் அரைப் பக்கத்துக்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. தாள்களைச் சணலால் கட்டி, பிஸ்கட் டின்னில் போட்டுப் பரணில் ஏற்றினேன்.

நாளைப் பகலில், ராத்திரி வேண்டாம், முதல் நோட்டின் கடைசிப் பக்கத்தையும் மூன்றாவதின் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே வாக்கியம் இரண்டிலும் இருந்தால், நீங்கள் எழுதவில்லை, புண்ணைக் கிளறுகிறீர்கள். துணையைப் பிரிந்தவர்களிடம் 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றிலும், ஓயாமல் அதையே குடைந்துகொண்டிருந்தவர்கள் எழுதியதால் தேறுவது தள்ளித்தான் போனது.

மூன்று நோட்டையும் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கிழிக்க வேண்டாம், அண்ணனுக்கு அனுப்பவும் வேண்டாம். அவர் படிப்பதற்காக எழுதியவை அல்ல அவை. உங்கள் பங்கு எவ்வளவு, எப்போது தருவார் என்று கேட்பதானால் அதற்கு வேறு தாள் எடுங்கள், பத்து வரி போதும். எழுதுவதை விட்டு இரண்டு வாரமாகியும் தூக்கம் வரவில்லையென்றால் சேலம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள், தம்பி. தள்ளிப்போடாதீர்கள்.