கருத்துக் கட்டுரையில் எதிர்வாதம்: கேள்வி பதில்

எதிர்த்தரப்பைச் சொன்னால் என் பக்கம் பலவீனமாகிவிடாதா?

எதை எதிர்வாதமாக எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘வகுப்பில் கைப்பேசிக்குத் தடை வேண்டுமா?’ என்பது தலைப்பு, நீங்கள் தடையை ஆதரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘கைப்பேசி பலருக்குப் பிடிக்கும்’ என்று எழுதி அதை மறுப்பதில் பயனில்லை. யாரும் அப்படி வாதாடுவதில்லை. ‘அவசரம் என்றால் பெற்றோர் எப்படித் தொடர்புகொள்வார்கள்?’ என்பது உண்மையான கவலை. அது நியாயம்தான் என்று ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். அவசரச் செய்தியைப் பள்ளி அலுவலகம் வழியே சொல்லலாம், அதற்காகப் பாடம் நடக்கும்போது கைப்பேசி கையில் இருக்க வேண்டியதில்லை என்று பதில் சொல்லுங்கள். இப்படி யோசிக்கும்போதே உங்கள் நிலைப்பாடும் திருந்தும்: தடை நாள் முழுக்க அல்ல, பாடவேளையில் மட்டும். அந்த வரம்பு முன்னுரையிலேயே இருக்க வேண்டும். அதனால்தான் எதிர்வாதத்தை எழுதத் தொடங்கும் முன்பே யோசிக்கச் சொல்கிறேன்.

நான் நான்கு காரணம் எழுதுவேன். கூடுதல் காரணத்துக்குக் கூடுதல் மதிப்பெண்தானே?

ஒரே காரணத்தோடு நிறுத்தக் கூடாது என்பதுவரை சரி. ஆனால் 250 சொல் கட்டுரையில் நான்கு காரணம் என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரிதான் கிடைக்கும், எதுவும் வளராது. இரண்டு போதும்.

‘பல மாணவர்களின் கவனம் சிதறுகிறது’ என்று எழுதியிருந்தேன். எடுத்துக்காட்டு எங்கே என்று கேட்டுக் குறைத்துவிட்டார்கள். சதவீதம் போட்டிருக்க வேண்டுமோ?

வேண்டாம், கற்பனைச் சதவீதம் எதையும் நிரூபிக்காது. உங்கள் வரி காரணத்தையே மறுபடி சொல்கிறது, அதுதான் குறை. நடப்பதைக் காட்டுங்கள்: ‘ஆசிரியர் கணக்கின் மூன்றாம் படியை விளக்கும்போது ஒரு மாணவி வந்த செய்தியைப் பார்க்கிறாள். நிமிர்வதற்குள் ஐந்தாம் படி வந்துவிடுகிறது. நடுவில் விட்டது புரியாததால் மீதிக் கணக்கும் அவளுக்குப் புரியவில்லை.’ சில நொடிக் கவனச்சிதறல் ஒரு பாடத்தையே எப்படிக் கெடுக்கிறது என்பது இதில் தெரிகிறது. எடுத்துக்காட்டை எழுதியதும் ‘ஆகவே’ என்று தொடங்கிக் காரணத்தோடு இணைத்துப் பாருங்கள். இணையவில்லை என்றால் அது வேறு காரணத்துக்கான எடுத்துக்காட்டு.

ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறேன். எதிர்வாதம் என்றால் இரு பக்கமும் சமமாக எழுதி, ‘இரண்டிலும் உண்மை உண்டு’ என்று முடிப்பதுதானே?

இல்லை, அது வேறு. எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள் என்று கேட்டால் உங்கள் நிலைப்பாடு தொடக்கம் முதல் முடிவுவரை தெரிய வேண்டும். பாதி உடன்படலாம், ஆனால் எந்தப் பாதி என்று சொல்ல வேண்டும்.

எங்கள் ஆசிரியர் எதிர்வாதத்தை முதல் பத்தியிலேயே முடிக்கச் சொல்கிறார். நான் கடைசியில் வைப்பேன். எது சரி?

இதில் ஆசிரியர்களே ஒத்துப்போவதில்லை. காரணங்களைப் படித்த பிறகு மறுப்பு எடுபடும் என்பதால் நானும் கடைசியில்தான் வைப்பேன். ஆனால் நேரம் போதாமல் எதிர்த்தரப்பின் வரியோடு கட்டுரை நின்றுபோகும் ஆபத்து அதில் உண்டு. 40 நிமிடத்தில் முடிக்கத் திணறுபவர் என்றால் உங்கள் ஆசிரியர் சொல்வதையே கேளுங்கள்.