மொழிக்குடும்பம் எப்படி இனமானது? கேள்வி பதில்

தேனீ: மொழிக்குடும்பத்தை இனம் என்று முதலில் ஆக்கியது யார்? மாக்ஸ் முல்லரா?

ஒருவர் தலையில் கட்ட முடியாது. 1786இல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று பேசியபோதே அவர் மனதில் இருந்தது மொழி மட்டுமல்ல. நோவாவின் மூன்று மகன்கள் வழியில் எந்த மக்கள் எங்கே போனார்கள் என்று வரிசைப்படுத்துவதுதான் அவருடைய பெரிய திட்டம். ஆதியாகமத்தின் பத்தாம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள்: வம்சம், மொழி, தேசம் மூன்றும் ஒன்றாகவே பிரியும். அந்த அச்சிலிருந்துதான் 'தாய்மொழி, மகள் மொழி, சகோதர மொழி' என்ற பேச்செல்லாம் ரத்த உறவுபோலக் கேட்க ஆரம்பித்தது. போதாததற்கு, எழுத்துக்கு முந்தைய காலத்தை அறிய அன்றைக்குக் கையில் இருந்த ஒரே நம்பகமான கருவி ஒப்பிலக்கணம். அதனால் மனிதர்களின் வரலாற்றையும் அதையே வைத்து எழுதினார்கள்.

ஆக்ஸ்ஃபர்டில் இருந்த சமஸ்கிருத அறிஞர் முல்லர் 1850களில் ஆங்கிலேயச் சிப்பாயின் உடம்பிலும் வங்காளியின் உடம்பிலும் ஓடுவது ஒரே ரத்தம் என்ற பொருளில் எழுதினார். 1888இல் அவரே, ஆரிய இனம், ஆரிய ரத்தம், ஆரியக் கண், ஆரிய முடி என்று பேசும் இனவியலாளர், மண்டை அளப்பவர்களின் சொல்லை எடுத்து 'நீளமண்டை அகராதி' என்று பேசும் மொழியியலாளர் அளவுக்குப் பாவி என்று கிண்டலடித்தார். கிண்டல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் வண்டி போய்விட்டது.

இன்று முழுக்க ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்: மொழி எப்படி வந்தது, மனிதர்கள் எப்படி வந்தார்கள், இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

நெல்லைக்காரன்: திராவிட இனத்தைக் கண்டுபிடித்தது கால்டுவெல்தானே?

பாதி சரி. தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816இலேயே சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் காட்டிவிட்டார். கால்டுவெல் 1856இல் அதை விரிவாக நிறுவி, 'திராவிட' என்ற பெயரை நிலைக்கச் செய்தார். இனம் அவர் கண்டுபிடிப்பில்லை. ஆனால் அதே நூலில் திராவிடர்களின் உடலமைப்பைப் பற்றியும் பேசினார், ஆகவே குழப்பத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

வானவில்: இதெல்லாம் பேராசிரியர்களின் சண்டைதானே, சாதாரண ஆளுக்கு இதனால் என்ன ஆயிற்று?

நல்ல கேள்வி. அமெரிக்காவுக்குப் போவோம். 1790ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியிலிருந்து வந்தவர்களில் 'வெள்ளையர்' மட்டுமே அங்கே குடியுரிமை பெற முடிந்தது, 1870க்குப் பிறகு ஆப்பிரிக்க வம்சத்தாரும் பெற முடிந்தது. நடுவில் இருந்தவர்களுக்குக் கதவு கிடையாது.

1908இல் மினசோட்டாவில் ஜான் ஸ்வான் என்ற ஃபின்லாந்துக்காரர் குடியுரிமை கேட்டார். அரசு வழக்கறிஞர் எதிர்த்தார். காரணம்: ஃபின்னிஷ் மொழி ஐரோப்பிய மொழிகளோடு சேராது, அன்றைய வகைப்பாட்டில் அது உரால்-அல்தாய் கூட்டம், அந்தக் கூட்டத்தில் மங்கோலியனும் உண்டு, ஆகவே ஃபின் மங்கோலியர், ஆகவே வெள்ளையர் அல்லர். பொன்னிற முடியோடு ஒரு ஆள் எதிரே நிற்கிறார், அவருடைய வேற்றுமை உருபுகளைப் பார்த்து அவர் தோலின் நிறத்தைத் தீர்மானிக்கிறார்கள்! நீதிபதி வில்லியம் கான்ட், ஃபின்கள் ஆதியில் மங்கோலியராக இருந்திருக்கலாம், ஆனால் இன்று ஐரோப்பாவிலேயே மிக வெளுத்தவர்களில் அவர்களும் உண்டு என்று சொல்லிக் குடியுரிமை கொடுத்தார். கவனியுங்கள், மொழியை வைத்து இனம் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. பழைய தப்பை அப்படியே வைத்துக்கொண்டு, காலப்போக்கில் கலப்பு நடந்துவிட்டது என்று சுற்றிக்கொண்டு வந்தார்.

பதினைந்து வருடம் கழித்து அதே கத்தி மறுபக்கம் திரும்பியது. பகத் சிங் திண்ட், அமிர்தசரஸ் பக்கத்துச் சீக்கியர், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். நான் பேசுவது ஆரிய மொழி, ஆரியர் காக்கேசிய இனம், எனவே நான் வெள்ளையன் என்பது அவர் தரப்பு வாதம். 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதிலின் முதல் பாதி அற்புதம்: ஆரியர் என்பது மொழி சார்ந்த சொல், உடலைப் பற்றியதே அல்ல, ஆங்கிலம் பேசும் கறுப்பின மக்கள் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அதனால் அவர்களை ஆங்கிலேய இனம் என்பீர்களா? இரண்டாவது பாதி: அப்படியானால் வெள்ளையர் யார்? சாமானியன் யாரை வெள்ளையர் என்கிறானோ அவர். திண்ட் தோற்றார். ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. திண்டுக்கு ஒருவழியாகக் கிடைத்தது 1936இல்.

மொழி இனமல்ல என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றமே இனத்தைக் கைவிடவில்லை. முல்லரின் கிண்டலும் அதனால்தான் எடுபடவில்லை, இனம் வேண்டும் என்பவருக்கு மொழி ஒரு சாக்கு, அது போனால் வேறொன்று.

பாலை: மூக்கை அளந்தார்களாமே?

ஆமாம், ரிஸ்லி, இந்தியாவின் 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஆங்கிலேய அதிகாரி. மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். அகலம் 36 மில்லிமீட்டர், நீளம் 48 என்றால் 75. எழுபதுக்குக் கீழே கூர்மூக்கு, எண்பத்தைந்துக்கு மேலே அகல மூக்கு. சாதி உயர உயர எண் குறையும் என்றார். 1932இல் சமூகவியலாளர் குர்யே அந்த அளவுகளைப் பார்த்து, இந்துஸ்தானம் என்று அன்று சொன்ன வட இந்தியப் பகுதிக்கு வெளியே இது சரிவரவில்லை என்று காட்டினார். எனக்கு இதில் உறுத்துவது, இப்படி அளந்து பிரித்த மக்கள் வகைகளுக்கு ரிஸ்லி வைத்த பெயர்கள்: ஆரிய-திராவிட, மங்கோல-திராவிட. மூக்குக்கு மொழிக்குடும்பத்தின் பெயர்.

கரிசல்: சரி, ஆரியர் வந்தார்களா இல்லையா?

மேலே ஒருமுறை சொன்னதைப் படியுங்கள்.

சிந்து: முல்லரே பின்வாங்கிவிட்டார் என்றால் வருகையே கட்டுக்கதை என்றுதானே ஆகிறது?

இல்லை. அவர் மறுத்தது இனத்தை; மக்கள் வந்ததை அல்ல. யூரேசியப் புல்வெளிப் பகுதியிலிருந்து கிமு இரண்டாம் ஆயிரத்தில் மக்கள் தெற்காசியாவுக்கு வந்ததை 2019இல் வெளியான பெரிய தொல்மரபணு ஆய்வு காட்டியது. இந்தோ-ஆரிய மொழிகள் அவர்களோடு வந்தன என்பதே இப்போது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

கரிசல்: அப்படியென்றால் ஆரிய இனம் உண்டு என்று டிஎன்ஏ நிரூபித்துவிட்டது!

இதைத்தான் எதிர்பார்த்தேன். ஹங்கேரியைப் பாருங்கள். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிலிருந்து வந்த மகியர்கள் தங்கள் மொழியை அங்கே நிலைக்கச் செய்தார்கள். அவர்களின் பழைய கல்லறை எலும்புகளில் ஆசியக் கூறு நன்றாகவே தெரிகிறது, இன்றைய ஹங்கேரியரிடம் அது கொஞ்சம்தான், மற்றபடி பக்கத்து நாட்டவர் மாதிரியே இருக்கிறார்கள். மக்கள் வந்ததும் உண்மை, மொழி நிலைத்ததும் உண்மை, அந்த மொழியைப் பேசுபவர் ஒரே ரத்தம் என்பது மட்டும் பொய். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

சிந்து: பிராகுயி? அவர்கள் திராவிட மொழிதானே பேசுகிறார்கள், பலுசிஸ்தானில்?

ஆமாம், மரபணுவில் பக்கத்து பலூச்சிகளைப் போலவே இருக்கிறார்கள், பலூச்சியோ ஈரானிய மொழி. பழைய குடிகளின் எச்சமா, பின்னால் தெற்கிலிருந்து போனவர்களா என்பதில் இரு கட்சி உண்டு. எனக்கு இரண்டாவது பக்கம் சாய்வு, பிராகுயியில் பழைய ஈரானியக் கடன்சொற்கள் மிகக் குறைவு என்பதால்; நெடுங்காலம் அங்கேயே இருந்திருந்தால் அவை நிறைய இருந்திருக்க வேண்டும். ஆனால் முடிந்த வழக்கல்ல.

மழைக்காலம்: நான் எச்சில் அனுப்பிச் சோதித்தேன், 'தென்னிந்தியர்' என்று வந்தது. அப்போது நான் திராவிடன்தானே?

உங்கள் எச்சிலில் மொழி இல்லை. அந்த நிறுவனம் தன்னிடம் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு, அந்த மாதிரிகளுக்குத் தான் ஒட்டிய பெயரை உங்களுக்குக் கொடுக்கிறது. பெயரை யார் எதை வைத்து ஒட்டினார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள், பல இடங்களில் மொழிப்பெயர்தான் ஒட்டியிருக்கும். குழப்பம் இன்றும் உயிரோடு இருக்க இது ஒரு காரணம்.

தேனீ: தமிழ் மூத்ததா, சமஸ்கிருதம் மூத்ததா?

வேறு ஆளைக் கேளுங்கள்.

கரிசல்: ஹங்கேரி உதாரணம் இந்தியாவுக்குப் பொருந்தாது, இங்கே சாதிக்குள்ளேயே திருமணம்.

இது நியாயமான ஆட்சேபம், இன்றைக்கு வந்ததிலேயே இதுதான். அகமணம் இறுகிய பிறகு கலப்பு நின்றது, அதன் தடம் மரபணுவில் தெரிகிறது. ஆனால் அதற்கு முந்தைய ஈராயிரம் ஆண்டுகளில் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள், கிட்டத்தட்ட எல்லாக் குழுக்களிலும் அந்தக் கலப்பு இருக்கிறது, விகிதம்தான் மாறுகிறது. விகிதம் மாறுவதை வைத்து இனம் என்று எங்கே கோடு போடுவீர்கள், எழுபதிலா எண்பத்தைந்திலா?