17 பி தெரிந்த வீட்டில் நிர்வாகச் சட்டம்

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்திருந்தது. மகள் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடித்துவிட்டுக் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கிறார். தந்தை வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையில் இருக்கும் தாய்மாமன்தான் வீட்டில் இந்த விஷயத்தை முடிவு செய்கிறவர் என்பது பேச்சு தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. தாயார் ஒரு நோட்டில் கேள்விகளை எழுதிக் கொண்டுவந்திருந்தார். "பிள்ளை தேறிவிடுவாளா சார்?" என்ற முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்று சொல்லிவிட்டேன். மற்றவற்றுக்கு நான் சொன்ன பதில்கள் இவை.

சட்டம் கடல் மாதிரி, பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்டு டெல்லியில் பயிற்சி மையத்தில் சேரட்டும் என்கிறார் அண்ணன். சரிதானே?

சரியில்லை அம்மா. ஐந்து ஆண்டுகள் படித்த பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கச் சொல்வதற்கு, அண்ணனின் நண்பர் மகன் அதில் தேறினான் என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் நீங்கள் சொல்லவில்லை. உங்கள் மகள் இந்த அறைக்குள் வந்ததிலிருந்து ஒருமுறைதான் தானாகப் பேசினார். அதுவும் ஒரு தீர்ப்பைப் பற்றி. அதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை தன் விருப்பத்தைச் சொல்லாது. நகையை அடகு வைத்து டெல்லியில் வாங்கப்போகும் குறிப்புகளுக்கும், அவர் கையில் ஏற்கெனவே இருக்கும் பாடத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அடகு வைக்காதீர்கள். பொது அறிவுத் தாள்களுக்கு உதவி தேவையானால் சென்னையில் தமிழ்நாடு அரசே நடத்தும் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையத்தின் நுழைவுத் தேர்வை எழுதட்டும். அதற்கு மேல் இந்தப் பேச்சை நான் வளர்க்கப் போவதில்லை.

சட்டத் தாளில் எந்தப் பகுதி அடிக்கடி கேட்கப்படுகிறது?

விருப்பப் பாடத்தின் முதல் தாளில் அ பிரிவு அரசமைப்பும் நிர்வாகச் சட்டமும், ஆ பிரிவு பன்னாட்டுச் சட்டம். அ பிரிவின் பாடத்திட்டத்தை இறுதிவரை படித்தால், கடைசியில் ஐந்து தலைப்புகள் நிற்பதைக் காணலாம்: இயற்கை நீதி, சட்டமன்றம் பிறருக்கு ஒப்படைக்கும் சட்டமியற்றல், அதிகாரப் பிரிவினை, நிர்வாகச் செயல்கள்மீதான நீதிமுறை மறுஆய்வு, லோக்பால் முதலிய குறைகேள் அமைப்புகள். பெரும்பாலான மாணவர்கள் அடிப்படை உரிமைகளிலும் ஆளுநரிலும் களைத்துப்போய், இந்த ஐந்துக்கும் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் வருகிறார்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து ஆண்டுத் தாள்களை எடுத்து, இந்த ஐந்து தலைப்புக் கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பிற்பகல் வேலைதான். இயற்கை நீதியும் நீதிமுறை மறுஆய்வும் சொல்லை மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வருவதை அவரே கண்டுகொள்வார். எதிலிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டால் இயற்கை நீதி என்பேன். அதற்கான ஆசிரியர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.

வீட்டிலேயா? அவருக்குச் சட்டம் தெரியாதே?

தந்தையிடம் ஒன்று கேட்டேன்: "பணியில் இருந்தபோது 17 பி குறிப்பாணை யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா?" அவர் சிரித்தார். தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் போதும். ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17 ஏ சிறு தண்டனைக்கு, 17 பி பெருந்தண்டனைக்கு. குற்றச்சாட்டு குறிப்பாணை, எழுத்துமூல விளக்கம், விசாரணை அலுவலர், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வது, விசாரணை அறிக்கை, அதன்மீது மேலும் ஒரு விளக்கம், பிறகு இறுதி ஆணை என்று அவர் வரிசையாகச் சொன்னார். அந்த வரிசையில் ஒவ்வொரு படியும் எதற்காக இருக்கிறது என்று கேட்டால், தண்டிக்கும் முன் ஒருவர் தரப்பைக் கேட்க வேண்டும், முடிவெடுப்பவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று வரும் பதில்தான் இயற்கை நீதி. மகள் புத்தகத்தில் லத்தீன் சொற்றொடராக மனப்பாடம் செய்துகொண்டிருந்ததைத் தந்தை கோப்பில் முப்பது ஆண்டுகள் நடத்தியிருக்கிறார். இருவரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசினாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மீதிப் பாதிக்குத் தீர்ப்புகள் வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் இ-எஸ்சிஆர் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தீர்ப்பின் தலைப்புரையையும் நிகழ்வுகளைச் சொல்லும் முதல் பகுதியையும் படித்தால் போதும். முழுத் தீர்ப்பையும் படிக்கத் தேவையில்லை. ஒரு தீர்ப்புக்கு அரைப் பக்கம், அதில் நான்கு வரிகள்: யார் எதை இழந்தார், அதிகாரி எதைச் செய்யத் தவறினார், நீதிமன்றம் என்ன சொன்னது, பின்னர் நீதிமன்றமே எங்கே பின்வாங்கியது. நான்காவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பாடத்திட்டம் இயற்கை நீதியோடு வளர்ந்துவரும் போக்குகளையும் நீதித்துறையின் அணுகுமுறையையும் சேர்த்துத்தான் கேட்கிறது. எனவே மதிப்பெண் அந்த நான்காவது வரியில் இருக்கிறது.

1969-இல் தீர்ப்பான கிரைபக் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு ஆள் தேர்ந்தெடுத்த குழுவில் தற்காலிகத் தலைமை வனப் பாதுகாவலர் உறுப்பினர், அவரே விண்ணப்பதாரரும்கூட. தன் பெயர் பரிசீலிக்கப்பட்டபோது அவர் விலகிக்கொண்டார். ஆனால் தனக்குப் போட்டியானவர்களின் பெயர்கள் பேசப்பட்டபோது உட்கார்ந்திருந்தார். பட்டியலில் அவர் பெயர் முதலில் வந்தது. தேர்வு ரத்தானது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது இதிலிருந்து எல்லோரும் எடுக்கும் பாடம். அதைவிடப் பெரிய செய்தி, நிர்வாகச் செயலுக்கும் நீதி சார்ந்த செயலுக்கும் இடையிலான கோடு மிக மெல்லியது, இயற்கை நீதி இரண்டுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்னது. மாணவர்கள் முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கேள்விக்கு விடை எப்படி எழுத வேண்டும் என்று காட்ட முடியுமா?

மகள்தான் இதைக் கேட்டார். நான் ஒரு பயிற்சிக் கேள்வி கொடுத்தேன்: விசாரணை அறிக்கையின் நகலைத் தராமலே ஓர் ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டார், அந்த ஆணை செல்லுமா? அவர் உடனே, இயற்கை நீதி மீறப்பட்டது, ஆகவே ஆணை செல்லாது என்றார். ஒரே வாக்கியத்தில் முடிகிற அந்தப் பதில் தவறு.

அரசமைப்பின் 311(2) பிரிவின்படி, குற்றச்சாட்டுகளைத் தெரிவித்து நியாயமான வாய்ப்பளிக்கும் விசாரணை இல்லாமல் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்ய முடியாது. முன்பு தண்டனை குறித்தும் இரண்டாவது வாய்ப்பு ஒன்று இருந்தது. 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. அப்படியானால் அறிக்கையின் நகல் எதற்கு என்று அரசுகள் வாதிட்டன. 1990-இல் ரம்ஜான் கான் வழக்கிலும், 1993-இல் கருணாகர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்விலும் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விசாரணை அலுவலர் வேறு, தண்டிக்கும் அதிகாரி வேறு என்றால், அறிக்கை தண்டிப்பவரின் மனத்தில் புதிதாகச் சேரும் ஆதாரம். அதைப் பார்க்காமல் ஊழியர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. நகல் தண்டனைக்காகத் தரப்படுவது அன்று, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்ற கட்டத்துக்காகத் தரப்படுவது. தந்தை சொன்ன வரிசையில் அறிக்கையின்மீது மேலும் ஒரு விளக்கம் என்று வந்ததே, அதன் வேர் இதுதான்.

அதே கருணாகர் தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. நகல் தரப்படவில்லை என்பதற்காக மட்டும் ஆணை தானாக வீழ்ந்துவிடாது. நீதிமன்றம் இப்போது அந்த நகலைக் கொடுக்கச் செய்து, அது கிடைக்காததால் உனக்கு என்ன பாதிப்பு என்று ஊழியரைக் கேட்கும். பாதிப்பு காட்டப்பட்டால்தான் ஆணை ரத்தாகும். அப்போதும் வழக்கு முடிந்துவிடாது. ஊழியரை மீண்டும் பணியில் சேர்த்து, தேவையானால் இடைநீக்கத்தில் வைத்து, நகல் தரப்பட வேண்டிய கட்டத்திலிருந்து விசாரணையைத் தொடர நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. விசாரணையே தேவைப்படாத மூன்று விதிவிலக்குகள் 311(2)-இல் தனியாக உள்ளன. 1985-ஆம் ஆண்டின் துளசிராம் பட்டேல் தீர்ப்பை அங்கே ஒரு வரியில் சுட்டினால் போதும்.

இப்படி எழுதினால் விடையில் ஒரு "ஆனால்" இருக்கும். விடையைத் திரும்பப் படிக்கும்போது எங்கும் "ஆனால்" இல்லையென்றால், பாதிப் பாடம்தான் நினைவில் இருக்கிறது என்று கொள்ளலாம். புதிய போக்கைக் காட்ட 2023-இலிருந்து இரண்டு தீர்ப்புகள் போதும். கடன் கணக்கை மோசடி என்று வங்கி வகைப்படுத்தும் முன் கடனாளியைக் கேட்க வேண்டும் என்றது ராஜேஷ் அகர்வால் வழக்கு. மூடிய உறையில் நீதிமன்றத்திடம் மட்டும் காரணம் சொல்லி ஒரு தொலைக்காட்சிக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததை ஏற்காதது மாத்யமம் வழக்கு.

மற்ற நான்கு தலைப்புகள்?

நீதிமுறை மறுஆய்வுக்கும் இதே அரைப் பக்க முறைதான். டெண்டர்களில் நீதிமன்றம் முடிவைவிட முடிவெடுத்த விதத்தையே பார்க்கும் என்ற 1994-ஆம் ஆண்டு டாடா செல்லுலார் தீர்ப்பும், தண்டனை குற்றத்துக்குப் பொருத்தமானதா என்பதை எந்த அளவுகோலால் பார்ப்பது என்று பேசும் 2000-ஆம் ஆண்டு ஓம் குமார் தீர்ப்பும் தூண்கள். ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றலில் 1951-ஆம் ஆண்டு டெல்லிச் சட்டங்கள் வழக்கில் தொடங்கி, 2023 ஜனவரியில் பணமதிப்பு நீக்க வழக்கில் முடிக்கலாம். அதிகாரப் பிரிவினைக்கு, தீர்ப்பாயங்களின் முடிவுகளும் உயர் நீதிமன்றத்தின் மறுஆய்வுக்கு உட்பட்டவை என்ற 1997-ஆம் ஆண்டின் சந்திர குமார் வழக்கு. அது பொது அறிவு இரண்டாம் தாளிலும் கைகொடுக்கும். லோக்பாலுக்கு 2013-ஆம் ஆண்டின் சட்டத்தைப் படித்தால் போதும், ஒரு நாளுக்குமேல் கொடுக்க வேண்டாம்.

எப்போது, எத்தனை முறை திருப்பிப் படிப்பது?

முதல்நிலைத் தேர்வுக்கும் முதன்மைத் தேர்வுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று மாதங்கள்தான் கிடைக்கும். அந்த நாள்களில் புதிய தீர்ப்பு எதையும் தேடக் கூடாது. தீர்ப்புகளின் அரைப் பக்கத் தாள்கள் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். திருப்பிப் படிப்பது என்றால் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு நான்கு வரிகளையும் எழுதிப் பார்ப்பது. பார்த்துப் படிப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூன்று மணி நேரத்தில் 250 மதிப்பெண் என்றால் பத்து மதிப்பெண் கேள்விக்குச் சுமார் ஏழு நிமிடங்கள். நூற்றைம்பது சொற்களில் கிரைபக், கருணாகர், மாத்யமம் மூன்றையும் "ஆனால்" உட்பட அந்த ஏழு நிமிடத்தில் எழுத முடிகிறதா என்று தந்தை கடிகாரத்தோடு பார்க்கட்டும்.

அடுத்த முறை வரும்போது அண்ணனையும் அழைத்து வாருங்கள் என்றேன். மகள் எட்டுத் தாள்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.